தயிர்சாதமும் பி12 கணக்கும்

கேள்வி: "எனக்கு 54 வயது. பிறந்தது முதல் சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. காலையும் மாலையும் காபி, மதியம் தயிர்சாதம் தவறாது. ஆறு மாதமாக இரண்டு பாதங்களும் மரத்தாற்போல இருக்கின்றன. பி12 குறைந்திருக்கும் என்கிறாள் மகள். பாலும் தயிரும் சாப்பிடுகிறவர்களுக்கு அதெல்லாம் வராது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஹீமோகுளோபின் 12.4, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னார்கள். சோதனை அவசியமா, நேரே மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டுவிடலாமா?"

உங்கள் விஷயத்தில் முதலில் சோதனை, பிறகு மாத்திரை. நடுவில் இருப்பது இரண்டு நாள் காத்திருப்புதான், அதைச் சுருக்க வேண்டாம். உங்கள் மகள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பாதி உண்மை. ஹீமோகுளோபின் 12.4 என்பதோ பாதங்களைப் பற்றி எதையும் சொல்லாத எண்.

அந்த எண்ணை நம்பி நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். பொது மருத்துவம் பார்க்கத் தொடங்கி அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. என் பெரியம்மாவுக்கு 67 வயது. உங்களைப் போலவே தயிர்சாதக்காரர். களைப்பாக இருக்கிறது என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 11.8. சிவப்பணுக்களின் சராசரிப் பருமனைச் சொல்லும் எம்சிவி 91. பி12 குறைந்தால் அது 100ஐத் தாண்டும் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்திருந்தேன். தாண்டவில்லை. வயதானால் இவ்வளவுதான் இருக்கும் என்று சொல்லி, இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். அதையும் மலச்சிக்கல் என்று பத்து நாளில் நிறுத்திவிட்டார்.

ஒரு வருடம் கழித்து ஊருக்குப் போயிருந்தபோது, பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை சொன்னார். "குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டால் சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது." எனக்குச் சுருக்கென்றது. கண்ணை மூடினால் ஆள் தள்ளாடுகிறார் என்றால், பாதம் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். கண் திறந்திருக்கும்வரை பார்வை அந்தக் குறையை ஈடுகட்டும். சோப்பு நுரைக்காகக் கண்ணை மூடியதும் வெளிப்பட்டுவிடும். கோயிலுக்குப் போகிற வழியில் ஒருநாள் செருப்பு காலைவிட்டுக் கழன்றதே தெரியாமல் பத்தடி நடந்திருக்கிறார். கையைப் பார்த்தேன். விரல் மூட்டுகளின் மேல்தோல் கரி பூசியது போலக் கறுத்திருந்தது. சமையல் வேலையால் வந்தது என்று அவரே காரணமும் வைத்திருந்தார். நாக்கின் ஓரம் சொரசொரப்பில்லாமல் வழவழவென்று சிவந்திருந்தது. ஒரு மாதமாக ரசம் எரிகிறதாம். இசைக்கவையைத் தட்டிக் கணுக்கால் எலும்பில் வைத்தேன். "என்ன தெரிகிறது?" என்றால், "சில்லென்று இருக்கிறது" என்றார். அதிர்வு தெரியவே இல்லை.

பி12 அளவு 118. ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை பிக்கோகிராம் என்று அறிக்கையில் இருக்கும். 200க்குக் கீழே போனால் குறைபாடு என்பது பொதுவான கணக்கு.

அப்படியானால் எம்சிவி ஏன் 91 என்று காட்டியது? அவருக்கு இரும்புச் சத்தும் இல்லை. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுக்கும், பி12 குறைந்தால் பெருக்கும். ஒரு தட்டில் பாதி மினி இட்லி, பாதி காஞ்சிபுரம் இட்லி வைத்துச் சராசரி எடுத்தால் சாதாரண இட்லியின் அளவுதான் வரும். இந்தக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும் எண் அதே அறிக்கையில் இரண்டு வரி தள்ளி இருந்தது: ஆர்டிடபிள்யூ, அணுக்களின் அளவு எவ்வளவு சீரற்று இருக்கிறது என்பதன் அளவீடு. 14, 15க்குள் இருக்க வேண்டியது அவருக்கு 19. நான் பார்க்காமல் விட்டது அதைத்தான். நம் ஊர்ப் பெண்களில் இரும்புக் குறைவு எவ்வளவு பரவலானது என்று தெரிந்துகொண்டே விட்டேன்.

இரும்புக் குறைவே இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபின் நன்றாக இருந்து நரம்பு கெடலாம். உடலுக்குள் பி12க்கு முக்கியமாக இரண்டு வேலை. ஒன்று, புது அணுக்கள் பிறக்கத் தேவையான மரபுப்பொருளைத் தயாரிப்பதில் ஃபோலிக் அமிலத்தோடு சேர்ந்து உழைப்பது. இன்னொன்று, நரம்பைச் சுற்றியிருக்கும் கொழுப்பு உறையைப் பழுதில்லாமல் வைத்திருப்பதில் அதற்குள்ள பங்கு. முதல் வேலையில் ஃபோலிக் அமிலம் நிறைய இருந்தால் பி12 இல்லாத குறை ஓரளவு மறைந்துபோகும். இரண்டாவதில் மறையாது. கீரையும் பருப்பும் சாப்பிடுகிற சைவ வீட்டில் ஃபோலிக் அமிலத்துக்குப் பஞ்சமில்லை. அதனால் ரத்தம் தன் பங்குக்கு நன்றாகவே காட்சி தரும். முதுகுத்தண்டும் கால் நரம்புகளும் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். 1988இல் அமெரிக்காவில் லிண்டன்பாம் குழுவினர் பி12 குறைவால் நரம்பு, மனநலக் கோளாறு வந்த 141 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 40 பேருக்கு ரத்தசோகையோ பெருத்த அணுக்களோ இல்லை. ரத்தசோகை என்றதும் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்தானது என்பதற்கும் இதுவே காரணம்.

இனி பால் கணக்கு. பி12ஐத் தயாரிப்பவை நுண்ணுயிர்கள் மட்டுமே. எந்தச் செடியும் தயாரிப்பதில்லை, மாடும் தயாரிப்பதில்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் பாக்டீரியாக்கள் தயாரித்ததில் ஒரு பங்கு பாலில் வருகிறது. பசும்பால் 100 மில்லியில் சுமார் 0.4 மைக்ரோகிராம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது ஏறக்குறைய 2.2 மைக்ரோகிராம். பெரியம்மாவின் ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். இரண்டு டம்ளர் காபி. டிகாக்‌ஷனைக் கழித்தால் டம்ளருக்கு 80 மில்லி பால், ஆக 160 மில்லியில் 0.64. தயிர்சாதத்துக்கு ஒரு கரண்டித் தயிர், 100 கிராம் என்று தாராளமாகவே வைப்போம், 0.35. மாலையில் ஒரு டம்ளர் நீர்மோர். தண்ணீரை நீக்கிவிட்டால் அதில் இருக்கும் தயிர் இரண்டு மூன்று ஸ்பூன், 0.15. கூட்டினால் 1.1க்குப் பக்கம். தேவையில் பாதி. பாலைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதில் அதிலும் கொஞ்சம் போய்விடும். நெய் ஊற்றிச் சாப்பிடுகிறேனே என்பார்கள். நெய்யில் பி12 கிடையாது. அது நீரில் கரைவது, பாலின் புரதத்தோடு தங்குவது. ஆடை நீக்கிய பாலில் அது குறைந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை என்பதும் இதனால்தான். தினமும் அரை லிட்டர் பாலை நிஜமாகவே குடித்து, அதன் மேல் தயிரும் பன்னீரும் சாப்பிடுகிறவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பொருந்தும். நம் வீடுகளில் அப்படிக் குடிப்பவர்கள் குழந்தைகள்தான், அதுவும் அடி போட்டால்.

பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று ஒரு செய்தி வருடம் தவறாமல் சுற்றுகிறது. பழைய சோறு எனக்கும் பிடிக்கும். சின்ன வெங்காயத்தோடு சாப்பிட்டால் அதற்கு வேறு நியாயம் எதுவும் வேண்டாம். ஆனால் சோற்றையும் இட்லி மாவையும் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்களை நம்பி ஒருவர் பி12 தேவையைச் சமாளிக்க முடியாது. ஒரு வீட்டு மாவில் கொஞ்சம் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. சுருள்பாசியான ஸ்பைருலினா இதைவிட மோசம். அதில் பெரும்பாலும் இருப்பது பி12 போலவே தோற்றமளிக்கும் போலிப் பொருள். மனித உடலுக்குப் பயன்படாது. முருங்கைக்கீரையில் சுத்தமாக இல்லை.

இதில் ஒரு சுவாரசியமான கிளைக்கதை நம் வேலூரில் இருக்கிறது. அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் 'நேச்சர்' இதழில் ஒரு கண்டுபிடிப்பை எழுதினார்கள். ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலில் வாழும் சில பாக்டீரியாக்களே பி12ஐத் தயாரிக்கின்றன என்பது அது. பெருங்குடலில் தயாராவது நமக்குப் பயனில்லை, ஏனென்றால் அதை உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அதைத் தாண்டியபின் தயாரானால் வெளியேறத்தான் செய்யும். சிறுகுடலிலேயே தயாரானால் சேர வாய்ப்புண்டு. பரம்பரைச் சைவர்கள் அத்தனை பேரும் படுத்துவிடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் உங்கள் குடலில் அது எவ்வளவு நடக்கிறது என்று யாராலும் அளந்து சொல்ல முடியாது.

கல்லீரலில் சில வருடங்களுக்கான கையிருப்பு இருக்கும் என்று படித்திருப்பீர்கள். மீனும் இறைச்சியும் சாப்பிட்டுவிட்டு நிறுத்தியவருக்கு அது சரி. 2 முதல் 5 மில்லிகிராம்வரை சேர்த்துவைத்திருப்பார். பிறவிச் சைவருக்கு அந்தக் குதிர் ஒருநாளும் நிரம்பியதில்லை. அதனால் ஐம்பதுக்குமேல் வயிற்றில் அமிலம் குறையத் தொடங்கியதும், அல்லது வாயுத்தொல்லைக்கு வருடக்கணக்காக பான்டோப்ரசோல், ஒமெப்ரசோல் விழுங்கத் தொடங்கியதும், சீக்கிரமே தரை தட்டிவிடும். உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க அமிலம் வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு உறிஞ்சுவதே குறைகிறது. இவர்களுடைய பாத எரிச்சல் முழுவதையும் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவது எங்கள் தொழிலில் அன்றாடம் நடக்கும் தவறு.

இப்போது உங்கள் சோதனை. பி12 அளவோடு முழு ரத்த எண்ணிக்கையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆர்டிடபிள்யூ அதில் வந்துவிடும். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், மரத்துப்போவதற்கு வேறு காரணங்களான சர்க்கரை, தைராய்டு சோதனைகளும் கூடவே. பி12க்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. முடிவு 200க்குக் கீழே என்றால் பேச்சில்லை. 200க்கும் 300க்கும் நடுவில் வந்தால்தான் சிக்கல். அங்கே சரியாக இருப்பவர்களும் குறைந்தவர்களும் கலந்திருப்பார்கள். அப்போது ஹோமோசிஸ்டீன் என்ற இன்னொரு பொருளை அளக்கலாம். பி12 போதவில்லை என்றால் இது தேங்கிக் கூடும். 15 மைக்ரோமோலுக்கு மேல் போனால் சந்தேகம் வலுக்கும். ஒரு எச்சரிக்கை: எடுத்த ரத்தத்தைச் சும்மா வைத்திருந்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து எண் பொய்யாக ஏறிவிடும். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு, வெயிலில் இரண்டு சக்கர வண்டியில் இன்னும் நாலு வீடு சுற்றிவிட்டுப் போகிற ரத்த மாதிரி இதற்கு உதவாது. பரிசோதனைக் கூடத்துக்கே போய்க் கொடுங்கள்.

மாத்திரையை முதலில் போடக்கூடாது என்று சொன்னதற்குக் காரணம் இதுதான். நாலு நாள் 1500 மைக்ரோகிராம் விழுங்கிவிட்டுப் போனால் ரத்தத்தில் எண் ஏறிவிடும். நரம்பில் குறை அப்படியே இருக்க, அறிக்கை 600 என்று சிரிக்கும். பி12 நன்றாக இருக்கிறது, முதுகெலும்பில்தான் கோளாறு என்று ஸ்கேன் எடுக்க அனுப்பிவிடுவார்கள். பெயர் தெரியாத சத்து டானிக்கோ பி காம்ப்ளெக்ஸோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அதே சமயம், நடை தள்ளாடினாலோ கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடினாலோ முடிவு வரும்வரைகூடக் காத்திருக்கக் கூடாது. ரத்தத்தைக் கொடுத்த கையோடு, அன்றே மருத்துவர் ஊசியைத் தொடங்கிவிடுவார்.

குறைவு உறுதியானால் என்ன செய்வது? பெரியம்மாவுக்கு நரம்பு பாதித்திருந்ததால் ஒருநாள் விட்டு ஒருநாள் 1000 மைக்ரோகிராம் ஊசி, இரண்டு வாரம். பிறகு வாரம் ஒன்று. மூன்று மாதத்துக்குப்பின் தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை. கூடவே இரும்பு. இந்தமுறை எவர்சில்வர் டப்பாவில் எண்ணிப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். நாக்கு இரண்டு வாரத்தில் சரியானது. ஹீமோகுளோபின் இரண்டு மாதத்தில் 13ஐ எட்டியது. விரல் மூட்டின் கறுப்பு மூன்று மாதத்தில் மறைந்ததைத் தெருவில் எல்லோரிடமும் காட்டினார். பாதம்தான் மெதுவாக வந்தது. கணுக்கால்வரை இருந்த மரப்பு எட்டு ஒன்பது மாதத்தில் விரல்களுக்குச் சுருங்கி, அங்கேயே நின்றுவிட்டது. நான் விட்ட அந்த ஒரு வருடத்தின் மிச்சம் அது. ஆறு மாதத்தில் நீங்கள் கேட்டுவிட்டீர்கள். பெரும்பகுதி மீள வாய்ப்பு அதிகம்.

நரம்புக் கோளாறு இல்லாமல் எண் மட்டும் குறைந்தவர்களுக்கு ஊசி தேவையில்லை. தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை பெரும்பாலானவர்களுக்கு அதே பலனைத் தரும். 2.2 தேவைப்படுகிற உடலுக்கு 1000 எதற்கு என்று கேட்பீர்கள். வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் பி12ஐக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் குடலில் சேர்க்கிறது. அதனால் ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் தூக்க முடியாது. மீதியில் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகவே கசிந்து உள்ளே போகும். 1000 விழுங்கினால் அப்படி 10 மைக்ரோகிராம் சேரும். அந்தப் புரதமே சுரக்காதவருக்கும் இந்தக் கசிவு வழி திறந்திருக்கிறது என்பதால்தான் மாத்திரை வேலை செய்கிறது. அதிகமானது சிறுநீரில் போய்விடும்.

மெத்தில்கோபாலமினா, சயனோகோபாலமினா என்று கடையில் கேட்பார்கள். நம் ஊரில் அதிகம் கிடைப்பது முன்னது. பின்னது மலிவு, எளிதில் கெடாது. உள்ளே போனபின் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய்ச் சேர்கின்றன. பெயரைப் பார்த்து இரட்டை விலை கொடுக்காதீர்கள். இரண்டுமே பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்த்துத் தயாரிப்பவை, ஆகவே மருந்து சைவம்தான். கேப்சூலின் உறை விலங்கிலிருந்து வரும் ஜெலட்டினாக இருக்கலாம். அது உறுத்தினால் மாத்திரையாகவே கேளுங்கள்.

உங்கள் மகளும் சைவம்தானே? அவருக்குத் தொந்தரவு எதுவும் இல்லையென்றால் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் 1000 மைக்ரோகிராம் மாத்திரை போதும். மேலே சொன்ன கணக்குப்படி வாரத்துக்கு இருபத்து மூன்று மைக்ரோகிராம் அளவில் சேரும், நாளுக்கு மூன்றுக்கு மேல். சோதனைக்கு ஆகும் செலவில் பல மாத மாத்திரை வாங்கிவிடலாம். பால்கூடத் தொடாதவர் இதை ஒருநாளும் விடக்கூடாது. உங்கள் மகள் கருவுறத் திட்டமிட்டிருந்தால் மட்டும் நான் பேச்சை மாற்றுவேன்: அப்போது சோதனையும் வேண்டும், எண் சரியாகும்வரை மருந்தும் வேண்டும். குறைவுள்ள தாயின் பாலை மட்டும் குடித்து வளரும் குழந்தை நாலைந்து மாதம் கொழுகொழுவென்று இருந்துவிட்டு, பிறகு சிரிப்பதை நிறுத்தும், நின்ற தலை மறுபடி தொய்யும், கை நடுங்கும், முடி செம்பட்டையாகும். மருந்து கொடுத்தால் குழந்தை வேகமாகத் தேறும். ஆனால் தாமதித்தால் வளர்ச்சியில் தழும்பு தங்கிவிடும்.

உங்களுக்கு எண் 400, 500 என்று வந்து, முன்கூட்டி மாத்திரை எதுவும் எடுக்காமலும் இருந்தீர்கள் என்றால், உங்கள் பாதங்களுக்குப் பெரும்பாலும் பி12 காரணமில்லை. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு பொறுத்திருந்து பார்ப்போம் என்று அப்போது இருக்காதீர்கள்; சர்க்கரை, தைராய்டு முடிவுகளோடு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது ஷூ வேண்டாம், செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். கால்விரலைப் பிடித்து மேலே கீழே அசைத்து, கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் என்று சொல்லச் சொல்லுவார்.